நாற்பது கடை என்கிற கணக்கு

மளிகைக் கடையில் நாம் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது, தோளில் பையும் கையில் செல்போனுமாக ஒருவர் வந்து ஓரமாக நிற்பார். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும், "அண்ணாச்சி, இந்த வாரம் என்ன போடட்டும்?" என்று கேட்பார். அவர் ஏஜென்சி சேல்ஸ்மேன். சோப்போ பிஸ்கட்டோ டீத்தூளோ, நம் ஊர்க் கடைகளில் இருக்கும் கம்பெனிச் சரக்கில் பெரும்பகுதி இப்படி ஒருவர் வந்து கேட்டுப் போனதால்தான் அலமாரிக்கு வருகிறது. போன வாரமும் இதே கிழமைதான் வந்திருப்பார். அடுத்த வாரமும் இதே கிழமை வருவார். கம்பெனிக்காரர்கள் இதை 'பீட்' என்பார்கள். எங்கள் பக்கம் 'லைன்' என்றுதான் பேச்சு. "இன்னைக்கு எந்த லைன்?" என்று கேட்டால் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கடைகள் என்று எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த லைனை யார், எப்படிப் பிரிக்கிறார்கள்? பெரும்பாலான ஏஜென்சிகளில் நடப்பது இதுதான். கம்பெனியிலிருந்து "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கடை" என்று ஒரு இலக்கு வரும். முதலாளி தம் கடைப் பட்டியலை ஆறு கிழமைக்கும் நாற்பது நாற்பதாக வெட்டிக் கொடுத்துவிடுவார். பேப்பரில் கணக்கு சரியாக இருக்கும். ரோட்டில் அது சரியாக வராது. ஏன் வராது என்பதை சேல்ஸ்மேனாக எட்டு வருடமும் சேல்ஸ் ஆபீசராக அதைவிட அதிக காலமும் வெயிலில் அலைந்து தெரிந்துகொண்டவன் நான். இலக்கிலிருந்து லைனைப் போடக் கூடாது, நேரத்திலிருந்து போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே முழுதாகப் போட்டுக் காட்டப் போகிறேன்.

திண்டுக்கல்லில் உள்ள ஓர் ஏஜென்சியில் ஒரு சேல்ஸ்மேனின் பொறுப்பை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பல பட்டியல்களைச் சேர்த்து, கணக்கு எளிதாக வரும்படி எண்களை ஒழுங்கு செய்திருக்கிறேன். அவர் கையில் 262 கடைகள். டவுனுக்குள் பேகம்பூர், நாகல் நகர், ரத வீதிகள் என்று 158 கடை. வெளியே மூன்று ரோடுகளில் 104 கடை: திருச்சி ரோட்டில் வடமதுரை, அய்யலூர், கரூர் ரோட்டில் வேடசந்தூர், நத்தம் ரோட்டில் சாணார்பட்டி, கோபால்பட்டி.

எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி போக முடியாது. மொத்த வியாபாரக் கடைகளையும் பெரிய மளிகைகளையும் முதல் வகை என்று வைத்து வாரம் இரண்டு முறை போவார்கள். நடுத்தர மளிகைகள் இரண்டாம் வகை. வாரம் ஒரு முறை. பெட்டிக்கடை, டீக்கடை போன்ற சிறு கடைகள் மூன்றாம் வகை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நம் சேல்ஸ்மேனிடம் முதல் வகை 22, இரண்டாம் வகை 152, மூன்றாம் வகை 88. வாரத்துக்கு எத்தனை முறை கடை ஏற வேண்டும் என்று கூட்டினால் 44, 152, 44, ஆக 240. ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சரியாக 40. கம்பெனி சொன்ன எண்ணும் அதுதான். முதலாளிக்கு நிம்மதி.

இப்போது கடிகாரத்தை எடுப்போம். ஒரு கடைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஆபீசில் கேட்டால் "அஞ்சு நிமிஷம்" என்பார்கள். ஒரு சேல்ஸ்மேன் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் ஒரு நாள் குறித்துப் பார்த்தேன். நாகல் நகரில் ஒரு மளிகை. வண்டியை நிறுத்தும்போது மணி 10.42. அண்ணாச்சி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கைவேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பேசினால் அவருக்கும் பிடிக்காது, சாமான் வாங்க வந்தவருக்கும் பிடிக்காது. தம்பி அந்த நேரத்தில் அலமாரியை எண்ணினார். "அண்ணாச்சி, போன வாரம் எடுத்த ரெண்டு டஜன்ல ஒரு டஜன் அப்படியே இருக்கே?" "எதிர்த்த கடையில விலை குறைச்சுக் கொடுக்கிறான் தம்பி." அதைப் பேசி, டீத்தூளுக்கு ஆர்டர் போட்டு, எலி கடித்த இரண்டு பாக்கெட்டைத் திருப்பி எடுக்க எழுதிக்கொண்டு, போன வார பில்லுக்குப் பணம் கேட்டு, கல்லாவில் சில்லறை தேடி எண்ணி வாங்கி, கிளம்பி அடுத்த கடையில் வண்டியை நிறுத்தும்போது மணி 10.56. பதினான்கு நிமிடம். இதில் வீணாக்கிய நிமிடம் ஒன்றுகூட இல்லை. ஒரு பெட்டிக்கடை ஆறே நிமிடத்தில் முடியும், மொத்தக் கடை ஒன்று அரை மணி நேரத்தைத் தின்னும். எல்லாவற்றையும் சராசரி போட்டால், ஒரு கடையில் வண்டி நின்றதிலிருந்து அடுத்த கடையில் நிற்கும்வரை டவுனில் 12 நிமிடம், வெளி லைனில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே கடைக்கும் கடைக்கும் தூரம் அதிகம்.

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து மாலை ஆறரை வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, கையில் இருப்பது 480 நிமிடம். டவுனில் போக வர அரை மணி நேரம் கழித்தால் 450. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 37 கடை வரும். ரயில்வே கேட், மழை, பஞ்சருக்குக் கொஞ்சம் விட்டு 36 என்று வைப்போம். வெளி லைனில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. மிச்சம் 390 நிமிடம். பதினைந்தால் வகுத்தால் 26. அதை 25 என்று கொள்வோம்.

இனி தேவையைப் பார்ப்போம். அந்த 240 முறையில் டவுனுக்குள் 150, வெளியே 90. டவுனுக்கு 150-ஐ 36-ஆல் வகுத்தால் நான்கு நாளுக்குச் சற்று மேல். வெளியே 90-ஐ 25-ஆல் வகுத்தால் மூன்றரை நாளுக்குச் சற்று மேல். கூட்டினால் ஏறக்குறைய எட்டு நாள். வாரத்தில் வேலை நாள் ஆறு. 40 என்ற இலக்கு, ஒரு மனிதரிடம் வாரத்துக்கு எட்டு நாள் வேலை கேட்கிறது.

கடைகளின் எண்ணிக்கை, போக வேண்டிய தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஆகும் நேரம் மூன்றையும் பெருக்கி, ஆள் ஒருவருக்கு உள்ள நேரத்தால் வகுக்கும் இந்த முறை புதியதல்ல. வால்டர் டேலி என்ற அமெரிக்கர் 1961-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். நாலாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும். ஆனாலும் நான் பார்த்த ஏஜென்சிகளில் இதைப் போட்டுப் பார்த்தவர்கள் வெகு சிலர்.

எட்டு நாள் வேலையை ஆறு நாளில் திணித்தால் என்ன ஆகும்? சேல்ஸ்மேன் ஓடிப் பார்ப்பார். முதல் மாதம் கடைக்குள் போகாமல் வாசலிலிருந்தே "எதுவும் வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவார். அடுத்த மாதம் அதுவும் முடியாமல், தெரு முனையில் வண்டியை நிறுத்தி, செல்போனில் பத்துக் கடைக்கு 'ஆர்டர் இல்லை' என்று தட்டிவிடுவார். முதலாளி திரையில் பார்க்கும்போது 40-க்கு 40 பச்சையாக இருக்கும். இதற்கு அந்தத் தம்பியைத் திட்டுகிறவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். நானும் திட்டியிருக்கிறேன். அது தவறு. கணக்கே பொய் சொல்லும்போது ரிப்போர்ட்டும் பொய்தான் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க வேவு பார்க்க வேண்டியதில்லை. மாலை ஐந்தரைக்குப் பிறகு பதிவான கடைகளை மட்டும் தனியே பாருங்கள். இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் வரிசையாக 'ஆர்டர் இல்லை' என்று இருந்தால் விஷயம் அதுதான். இன்னொரு சோதனை: லைனின் கடைசி எட்டுக் கடைகளுக்கு நான்கு வாரமாக விழுந்த பில்லை எண்ணுங்கள். முதல் எட்டுக் கடைகளோடு ஒப்பிடுங்கள். கடைசிக் கடைகள் மட்டும் தொடர்ந்து வெறுமையாக இருந்தால், அங்கே வியாபாரம் இல்லை என்று பொருளல்ல, அங்கே ஆள் போகவில்லை என்று பொருள்.

தீர்வுக்கு வருவோம். வாரத்தில் மூன்று நாள் டவுன், மூன்று நாள் வெளி லைன் என்று வைத்தால், டவுனில் 108 முறையும் வெளியே 75 முறையும் உண்மையாகவே கடை ஏறலாம். டவுனில் 42, வெளியே 15 குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கடையிலும் பத்தில் இரண்டைக் கழித்தால் நல்ல கடையும் கெடும்.

ஒரு முறை கடை ஏறுவதற்கு என்ன செலவாகிறது என்று முதலில் பாருங்கள். சேல்ஸ்மேனின் சம்பளம், படி, பெட்ரோல் சேர்த்து நாளுக்கு 900 ரூபாய் என்றால், டவுனில் ஒரு கடைக்கு 25 ரூபாய். வெளி லைனில் பெட்ரோல் கூடி 1,000 ரூபாய் ஆனால், ஒரு கடைக்கு 40 ரூபாய். ஏஜென்சிக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கும் என்று வைத்தால், சேல்ஸ்மேன் வந்து போன செலவு தீரவே டவுனில் 500 ரூபாய்க்கும், வெளியே 800 ரூபாய்க்கும் பில் விழ வேண்டும். டெலிவரி வண்டிச் செலவு தனி. வாரம் 300 ரூபாய்க்கு எடுக்கும் டவுன் கடைக்கு ஒவ்வொரு வாரமும் போனால் நஷ்டம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் 600 ரூபாய்க்குப் போட்டால் செலவு தீர்ந்துவிடும். கடைக்காரருக்கும் சரக்கு தீராது, பணமும் முடங்காது. ஏஜென்சிக்கு ஏஜென்சி இந்த எண்கள் மாறும். உங்கள் எண்ணைப் போட்டு உங்கள் எல்லையைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோலை வைத்து நம் பட்டியலைப் பார்ப்போம். வெளி லைனில் உள்ள ஆறு பெரிய கடைகளுக்கு இரண்டாவது முறை போவதற்காக 25 கிலோமீட்டர் திரும்ப ஓட வேண்டாம். அந்த இரண்டாவது ஆர்டரைப் போனில் வாங்கலாம். ஆறு குறைந்தது. அங்கே இரண்டாம் வகையில் கடைசியாக நிற்கும் 18 கடைகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால் வாரத்துக்கு ஒன்பது குறையும். வெளி லைன் 75-க்கு வந்துவிட்டது. டவுனில் பெரிய கடை 16-ல், வாரம் இரண்டு முறை உண்மையிலேயே சரக்கு தீர்கிற கடை எட்டுத்தான் என்று பில் புத்தகம் சொல்கிறது. மற்ற எட்டுக்கு ஒரு முறை போதும். இரண்டாம் வகை 94-ல், மேலே சொன்ன எல்லைக்குக் கீழே இருக்கும் 44 கடைகளை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கினால் 22 குறையும். மூன்றாம் வகை 48-ல் 24 கடைகள் எப்படியும் ரத வீதி மொத்தக் கடையில்தான் பாதிச் சரக்கு எடுக்கின்றன. அவற்றை அங்கேயே விட்டுவிட்டால் 12 குறையும். எட்டு, இருபத்திரண்டு, பன்னிரண்டு, சரியாக 42.

இந்தக் கடைசி முடிவுக்குக் கம்பெனி எளிதில் ஒப்புக்கொள்ளாது. அவர்களுக்குக் கடை எண்ணிக்கை வேண்டும். புதிதாக ஒரு ஷாம்பு வந்தால் அதைப் பெட்டிக்கடையில் தொங்கவிட ஆள் வேண்டும் என்பது நியாயம்தான். அப்படியானால் அவர்களிடம் எட்டு நாள் கணக்கைக் காட்டி, இன்னொரு ஆளின் சம்பளத்தில் பங்கு கேட்க வேண்டும். மூன்று சேல்ஸ்மேன் உள்ள ஏஜென்சியில் மூவருக்கும் இதே நிலை என்றால், நான்காவதாக ஒருவரை வைப்பதே நேர்மையான வழி. கணக்கு கையில் இருந்தால் அந்தப் பேச்சைத் தைரியமாகப் பேசலாம்.

எத்தனை முறை என்பது முடிந்தது. எந்தக் கிழமை என்பதில் வரைபடத்தைவிட ஊரின் நடப்பு முக்கியம். அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. அன்றைக்கு அங்கே எந்தக் கடைக்காரரும் சேல்ஸ்மேன் முகத்தைப் பார்க்க மாட்டார். புதன்கிழமை போய் ஆர்டர் எடுக்கலாமே என்று தோன்றும். ஆர்டர் எடுத்த மறுநாள்தான் டெலிவரி வண்டி போகும். அப்படியானால் வண்டி சந்தைக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும். கடைக்காரருக்குச் சரக்கை எண்ணி இறக்கவும் நேரமிருக்காது. ஆகவே திருச்சி ரோட்டு லைன் செவ்வாய்க்கிழமை. புதன் காலை சரக்கு இறங்கிவிடும், வியாழன் விற்றுவிடும். இப்படி ஒவ்வொரு ரோட்டிலும் ஏதாவது ஒரு சந்தை, ஒரு வார விடுமுறை, ஒரு கோயில் கூட்டம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முதலில் அந்தக் கிழமையைக் கட்டிவைத்துவிட்டு, மற்ற லைன்களை மிச்சக் கிழமைகளில் பொருத்த வேண்டும். வாரம் இரண்டு முறை போகும் கடைகளுக்கு இடையில் மூன்று நாளாவது வேண்டும்: திங்கள்–வியாழன், செவ்வாய்–வெள்ளி, புதன்–சனி. திங்களும் செவ்வாயும் அடுத்தடுத்துப் போய் நின்றால், இரண்டாவது முறை ஒரு டீயைக் குடித்துவிட்டு வரலாம், ஆர்டர் கிடைக்காது.

கிழமை மாறாமல் இருப்பதற்குப் பணமும் ஒரு காரணம். ஏழு நாள் கடன் என்றால், கடைக்காரர் அந்தக் கிழமைக்காக ரூபாயை ஒதுக்கி வைத்திருப்பார். நீங்கள் ஒரு நாள் தள்ளிப் போனால், நடுவில் வந்த வேறு கம்பெனிக்காரருக்கு அதை எடுத்துக் கொடுத்துவிடுவார். அதில் தப்பில்லை, வந்தவருக்குத்தானே கொடுக்க முடியும். இதே காரணத்தால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போகும் கடைக்கு ஏழு நாள் கடன் பொருந்தாது. எட்டாவது நாள் பணம் வாங்க யாரும் அங்கே போகப்போவதில்லை. அந்தக் கடைகளை ரொக்கத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது பதினான்கு நாள் கடன் என்று ஒப்புக்கொண்டு அதற்கான பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். லைனை மாற்றிவிட்டுக் கடனை மாற்ற மறந்த ஓர் ஏஜென்சியில், மூன்றே மாதத்தில் வெளியே நிற்கும் பாக்கி ஏறிக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். சேல்ஸ்மேன் பணத்தைப் புரட்டுகிறார் என்றுகூட சந்தேகப்பட்டார்கள். காரணம் லைனில் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பதை "மாதத்தில் முதல் வாரம், மூன்றாம் வாரம்" என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் ஐந்து செவ்வாய் வந்தால் மூன்றாவது செவ்வாய்க்கும் அடுத்த மாத முதல் செவ்வாய்க்கும் நடுவே மூன்று வாரம் ஓடிவிடும். அதற்குள் கடைக்காரர் வேறு சரக்குக்குப் போய்விடுவார். மாதத்தை மறந்துவிட்டு, ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று வருடம் முழுக்கத் தொடர்ந்து எண்ணிக்கொண்டு போவதே சரி. ஒரே தெருவில் இடப்பக்கச் சிறு கடைகள் ஒற்றை வாரம், வலப்பக்கம் இரட்டை வாரம் என்று பிரித்தால் சேல்ஸ்மேனுக்கு மனதிலேயே நின்றுவிடும்.

ஒரு நாளுக்குள் எந்தக் கடைக்குப் பின் எந்தக் கடை என்பதைப் பற்றிக் கணிதத்தில் ஒரு பெரிய துறையே இருக்கிறது. 1954-ல் மூன்று அமெரிக்க அறிஞர்கள் 49 ஊர்களைச் சுற்றிவர மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டதைப் பெரும் சாதனையாகச் சொல்வார்கள். நம் லைனுக்கு அவ்வளவு தேவையில்லை. ரோடு ஒன்றுதான், கடைகள் அதன் இரு பக்கமும்தான். ஒரே ஒரு பழக்கம் போதும்: வெளி லைனில் முதலில் கடைக்கோடிக்குப் போய்விட்டு ஊரை நோக்கித் திரும்பி வர வேண்டும். மழையாலோ வண்டிக் கோளாறாலோ நான்கு கடை விட்டுப்போனால், விட்டுப்போனவை ஊருக்குப் பக்கத்தில் இருப்பவையாக இருக்கும். மறுநாள் காலையில் ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம். கிட்டத்தில் தொடங்கித் தூரத்தில் முடித்தால், விட்டுப்போகும் கடைக்காக இன்னொரு 25 கிலோமீட்டர் ஓட வேண்டும். யாரும் ஓட மாட்டார்கள்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கிராமத்து மளிகைகளில் பலர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார்கள். அந்த நேரத்தை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதற்கும், கடையைப் பூட்டாத டீக்கடைகளுக்கும் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

இப்படிப் போட்ட லைன் வருடக்கணக்கில் நிற்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் சிறு கடைகூட வாராவாரம் சரக்குக் கேட்கும். அப்போது தற்காலிகமாக ஓர் ஆள் வைப்பது நல்லது, பழைய ஆளையே இழுத்தடிப்பதைவிட. மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில்லைப் பார்த்துக் கடைகளின் வகையை மாற்றினால் போதும். அதைவிட அடிக்கடி மாற்றினால் கடைக்காரர்களுக்குக் கிழமை குழம்பிவிடும்.

நம் கணக்கில் கடைசியில் வந்து நிற்பது வாரத்துக்கு 183 முறை, டவுனில் நாளுக்கு 36, வெளியே 25. கம்பெனி கேட்ட 40 எங்குமே இல்லை. ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கும் சேல்ஸ் ஆபீசர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த மாத இலக்கை எழுதுவதற்கு முன்னால் டவுனில் ஒரு நாள், வெளி லைனில் ஒரு நாள், உங்கள் சேல்ஸ்மேனின் பைக்கில் பின்னால் ஏறி உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். வண்டி நிற்கிற நேரத்தை மட்டும் ஒவ்வொரு கடையிலும் குறித்துக்கொண்டு வாருங்கள்.